ரெண்டு தடவை கட்டின கரன்ட் பில்!

ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? அப்ப இது உங்களுக்குத்தான். 1,200 ரூபாய் கரன்ட் பில். நீங்க காலையில செல்போன்ல கட்டிட்டீங்க. அது கணக்குல ஏறுறதுக்குள்ள, விஷயம் தெரியாத உங்க ரூம்மேட் மின்வாரிய கவுன்ட்டர்ல போய் இன்னொரு 1,200 கட்டிட்டார். பணம் அம்பேலா?

பதறாதீங்க. முதல்ல ரசீதைப் பாருங்க. ரெண்டுக்கும் தனித்தனி ரசீது எண் வந்திருந்தா, ரெண்டு தொகையும் வாரியத்துக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். பேங்க்ல பணம் போயும் ரசீது வரலைன்னா, அது வேற கதை. பரிவர்த்தனை பாதியில நின்னிருக்கு. யு.பி.ஐ.யில கட்டியிருந்தா, கட்டின நாளைத் தவிர்த்து 5 நாளுக்குள்ள பணம் தானா திரும்பணும். தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு 2019-லயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு.

ரெண்டு ரசீதும் இருந்தா, கூடுதல் 1,200 உங்க மின் இணைப்பு எண்ல முன்பணமா நிக்கும். வழக்கமா கையில திருப்பித் தர மாட்டாங்க. அடுத்த பில்லுல கழிச்சுக்குவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு 1,400 ரூபாய் பில் வந்தா, நீங்க கட்ட வேண்டியது 200 தான்.

இங்கதான் சிக்கலே! ரூம்ல நாலு பேர். ‘200 தானே, ஆளுக்கு அம்பது’ன்னு பிரிச்சா, கவுன்ட்டர்ல கட்டின நண்பருக்கு நாமம்தான். உண்மையான செலவு 1,400. ஆளுக்கு 350. மத்த மூணு பேரும் சேர்ந்து 1,050 எடுத்து வைக்கணும். அதுல 200 வாரியத்துக்கு, மீதி 850 நண்பருக்கு. அவர் கூடுதலா கட்டின 1,200-ல அவர் பங்கு 350 போக, கணக்கு நேர்!

இன்னொரு விஷயம். அந்த முன்பணம் இணைப்பு எண்ணோட ஒட்டிக்கிட்டது, பணம் கட்டின ஆளோட இல்லை. அடுத்த பில்லுக்கு முன்னாடியே ரூமைக் காலி பண்ணிட்டா, உங்க காசுல புதுசா வர்றவர் ஃபேன் போட்டுக்குவார். இணைப்பு வீட்டு ஓனர் பேர்ல இருக்கறதால, வாரியத்துல ரீஃபண்ட் கேட்டு எழுதணும்னாலும் அவர் கையெழுத்து இல்லாம கஷ்டம். அதனால சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு ரசீதையும் ஓனர்கிட்ட காட்டுங்க. ரூம் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது, கடைசி மீட்டர் கணக்குப்படி ஆன தொகையைக் கழிச்சுக்கிட்டு மீதியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்க.

அதுவரைக்கும் அந்த ரெண்டு ரசீதும் பத்திரம் பாஸ்!