பார்சல் தொலைஞ்சு போச்சா? 180 நாள் கெடு புக்கிங் தேதியிலேயே ஓட ஆரம்பிச்சிடும்

மார்ச் 3 அன்று புனேயிலிருந்து மதுரைக்கு ஒருவர் தன் லேப்டாப்பை கூரியரில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாக டிராக்கிங்கில் ‘In Transit’ மட்டும்தான். கஸ்டமர் கேரில், “செக் பண்ணிட்டு இருக்கோம் சார்” என்ற ஒரே பதில். இப்படியே காத்திருந்தால் என்ன இழப்பார்?

2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன் 16-வது பிரிவின்படி, பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ வழக்குப் போடும் முன் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். தொலைந்தது தெரியவந்த நாள் கணக்கில் வராது. நம்ம ஆளுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 30. போனில் எத்தனை முறை பேசியிருந்தாலும் அது நோட்டீஸ் ஆகாது. நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளில் இதைவிடக் குறைவான கெடு இருக்கலாம். அதனால் முதல் வாரத்திலேயே இமெயிலில் புகார் அனுப்பிவிட்டு, அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைப்பது நல்லது.

அடுத்த சிக்கல், மதிப்பு. லேப்டாப் 48,000 ரூபாய். ஆனால் கவுன்டரில் “சும்மா 500-னு போட்டுக்கலாமா?” என்று கேட்டபோது இவர் தலையாட்டிவிட்டார். நிறுவனம் இந்த 500-ஐத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். டெலிவரி தாமதத்தால் பெரிய நஷ்டம் வந்த பாரதி நிட்டிங் கம்பெனி - டிஹெச்எல் வழக்கில், கையெழுத்திட்ட ரசீதில் 100 டாலர்தான் பொறுப்பு என்று இருந்ததால், அவ்வளவுதான் கிடைக்கும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதேசமயம், வாடிக்கையாளர் கையெழுத்தே போடாத, யாரும் விளக்கிச் சொல்லாத பொடி எழுத்து நிபந்தனைகளை நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் ரசீதில் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பொருளின் மதிப்பைக் காட்ட ஒரிஜினல் பில் முக்கியம். பழைய பொருளுக்குப் புதிய விலை கிடைக்காது, தேய்மானம் கழிப்பார்கள். விற்று அனுப்பிய பொருள் என்றால், வாங்கியவர் அனுப்பிய யுபிஐ பணத்தின் பதிவும் சாட்டும் போதுமான சான்றாக உதவும். உள்ளே என்ன இருந்தது என்பதற்கு, சீரியல் நம்பர் தெரியும்படி பேக்கிங்கில் எடுத்த போட்டோ வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் ஃபீஸ் கிடையாது. புனேக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்.

ஆனால் அந்த 2 ஆண்டை நம்பி 180 நாளைக் கோட்டை விட்டுடாதீங்க. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே, “நோட்டீஸ் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும்.