வென்டிலேட்டர் மூச்சும் நம் மூச்சும் ஒன்றல்ல

'வென்டிலேட்டர் நம் இயல்பான மூச்சைத்தான் தொடர்கிறது, அதனால் கெடுதல் வராது' என்ற வாதம் அடிப்படையிலேயே தவறு. நாம் மூச்சிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்கி மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. காற்று தானே உள்ளே வருகிறது. அதே இழுப்பில் ரத்தமும் இதயத்துக்குத் திரும்புகிறது. வென்டிலேட்டரோ குழாய் வழியே காற்றைத் தள்ளுகிறது; மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. நீர்ச்சத்து வற்றிய நோயாளிக்குக் கருவியை இணைத்ததும் ரத்த அழுத்தம் சரியக்கூடும் என்பது இதனால்தான்.

'அப்படியானால் அது உயிர்காக்கும் கருவி இல்லையா?' என்பார்கள். காக்கும், அளவறிந்து தள்ளினால். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் நடத்தி 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 12 மில்லி காற்று என்று தொடங்கிய பிரிவில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தனர். 6 மில்லி பிரிவில் 31 சதவீதம். அந்தக் கிலோவும் தராசு காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை.