கோடை விதிவிலக்கல்ல: திருவனந்தபுரத்துக் குழந்தையின் உப்புக் கணக்கு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. உப்பைப் பற்றி அவை கூறும் இடத்தில் ஒரு நிபந்தனைத் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது: வெப்பம் மிகுந்த காலத்தில் அளவைக் கூட்டுக. எழுதியவர்களின் ஊரில் அது சில வாரங்களுக்குரிய விதிவிலக்கு. திருவனந்தபுரத்திலோ பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் முப்பது பாகையை ஒட்டியே நிற்கிறது; கடற்காற்றின் ஈரம் வியர்வையை உலர விடுவதில்லை. ஓர் ஊரின் விதிவிலக்கு இன்னோர் ஊரில் விதியாகும்போது மதிப்பீட்டின் வரிசையும் மாற வேண்டும். ஆற்றல், கொழுப்பு, வைட்டமின்கள், கடைசியில் உப்பு என்பது பாடநூல் வரிசை. இங்கே உப்பை முதலில் நிறுத்த வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

இதற்கான காரணம் வியர்வைச் சுரப்பியின் குழாயில் இருக்கிறது. சுரப்பியின் அடியில் உருவாகும் வியர்வை எல்லோருக்கும் உப்பு மிக்கதுதான். தோலுக்கு வரும் வழியில் சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம் குளோரைடை மீட்டெடுக்கிறது. சோடியமும் அதனுடன் உடலுக்குத் திரும்புகிறது. இந்நோயில் அப்புரதம் சரிவரச் செயல்படாததால் உப்பின் பெரும்பகுதி தோலுக்கு வெளியே போய்விடுகிறது. வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருப்பது நோயின் அடையாளமானது இதனால்தான். இவ்வுண்மை கண்டறியப்பட்டதும் வெப்பத்தின் வழியாகவே. 1948இல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியபோது, வெப்பச் சோர்வால் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் மிகுதியாக இருந்தனர். அதைக் கவனித்த பால் டி சான்டாக்னீஸ், வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953இல் வெளியிட்டார். நியூயார்க்கில் ஒரு வெப்ப அலை காட்டிக்கொடுத்ததைத் திருவனந்தபுரத்தின் ஒவ்வொரு மாதமும் காட்டிக்கொடுக்கக் கூடும்.

இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நோய்க்கான பரிசோதனை நடைபெறுவதில்லை. ஆகவே பல குழந்தைகள் நோயின் பெயரோடு வராமல், உடல் வற்றிய நிலையில் வந்து சேர்கிறார்கள். அங்கே ஒரு குறிப்பைத் தவறவிடக் கூடாது. சாதாரண வயிற்றுப்போக்கால் நீர் இழந்த குழந்தையின் இரத்தம் அமிலத்தன்மையை நோக்கிச் செல்லும், பைகார்பனேட் குறையும். உப்பை வியர்வையில் இழந்த குழந்தையின் இரத்தமோ காரத்தன்மையை நோக்கிச் செல்லும். பைகார்பனேட் உயர்ந்து சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் தாழும். வற்றிய கைக்குழந்தையிடம் கார மிகுதி காணப்பட்டால், கடும் வாந்தி போன்ற காரணங்களோடு வியர்வைப் பரிசோதனையும் நினைவுக்கு வர வேண்டும்.

இதைவிட நுட்பமானது மெதுவான இழப்பு. இரத்தத்தின் சோடியத்தை உடல் கடைசிவரை காத்துக்கொள்ளும். அதற்காகச் சிறுநீரகம் ஒவ்வொரு துளி சோடியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்த அறிக்கை ஏறக்குறைய இயல்பாக இருக்க, குழந்தையின் எடை மட்டும் ஏறாது. உண்மையைச் சொல்வது சிறுநீர்.

கணக்கிற்காகப் பத்து மாத ஆண் குழந்தை ஒன்றைக் கருதலாம். எடை 6.5 கிலோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இவ்வயதின் நடு எடை 9.2 கிலோ, கடும் குறைவின் எல்லை 6.6 கிலோ. இரத்தச் சோடியம் 134, பொட்டாசியம் 3.1, பைகார்பனேட் 30. சோடியம் எல்லையை ஒட்டி நிற்பதால் அறிக்கையைப் புரட்டுபவர் அதைக் கடந்துவிடுவார். ஒருமுறை எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 12 மில்லிமோல். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராம். கிரியேட்டினினை 11.3ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.77 மில்லிமோல் கிடைக்கும். சோடியத்தை அதனால் வகுத்தால் விகிதம் ஏறத்தாழ 7. ஐரோப்பிய வழிகாட்டுதல் இவ்விகிதம் 17க்கும் 52க்கும் இடையே இருக்க வேண்டும் என்கிறது. குழந்தை உப்புக்குத் தவிக்கிறது என்பதை இந்த வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

உணவைப் பார்த்தால் வியப்பு நீங்கும். நாளொன்றுக்குத் தாய்ப்பால் ஏறத்தாழ 500 மில்லி. அதில் சோடியம் 3.5 மில்லிமோல் அளவே. அதனுடன் இருவேளை நேந்திரங்காய்ப் பொடிக் கூழோ கேழ்வரகுக் கூழோ, கருப்பட்டி சேர்த்து, உப்பில்லாமல். ஒரு வயதுவரை உப்பு வேண்டாம் என்ற பொதுவான அறிவுரையைத் தாய் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். பிற குழந்தைகளுக்குச் சரியான அவ்வறிவுரை இக்குழந்தைக்கு ஊறாகிறது. வழிகாட்டுதலின்படி கைக்குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிமோல் சோடியம் கூடுதலாகத் தரலாம். வெப்பத்தில் 4 வரை போகலாம். 6.5 கிலோவுக்கு அந்த மேல் எல்லை 26 மில்லிமோல், அதாவது ஒன்றரை கிராம் உப்பு. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் கால் தேக்கரண்டியும் ஏறத்தாழ இதே அளவுதான். இதைப் பல வேளைகளாகப் பிரித்து உணவில் கலக்க வேண்டும்; ஒரே வேளையில் கொடுத்தால் வாந்தி வரும், இரத்தச் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரவும் கூடும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்பதால், மருந்தகத்தில் அளந்து கலந்த உப்புக் கரைசலைத் தருவதே பாதுகாப்பானது. இரு வாரம் கழித்துச் சிறுநீரை மீண்டும் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். சோர்ந்து, வாந்தியுடன் வரும் குழந்தைக்கு இந்த வீட்டுக் கணக்குப் பொருந்தாது. அதன் இடம் மருத்துவமனைப் படுக்கை.

வெயிலில் வாடிய குழந்தைக்கு இப்பகுதியில் முதலில் நீட்டப்படுவது இளநீர். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. பொட்டாசியமும் இழந்த குழந்தைக்கு அது தீங்கல்ல. ஆனால் உப்புக்கு அது ஈடாகாது. லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் கொண்ட உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமே அந்த இடத்திற்கு உரியது.

ஆற்றல் கணக்கு இதன் பின்னரே பொருள் பெறும். சோடியம் குறைந்த உடலில் கலோரியைக் கூட்டினாலும் எடை ஏறத் தயங்கும். அதே குழந்தையின் உணவில் தாய்ப்பாலிலிருந்து 335 கிலோகலோரி, கூழிலிருந்து 200, ஒரு தேக்கரண்டி எண்ணெயிலிருந்து 45 என மொத்தம் 580. கிலோவுக்கு 89. இவ்வயது ஆரோக்கியமான குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 போதும் என்பதால், உணவுப் பதிவேடு ‘போதுமானது’ என்று முடித்துவிடும். ஆனால் அந்த உணவின் கொழுப்பு 25 கிராம், அதாவது 225 கிலோகலோரி. கணைய நொதி இல்லாத குடலில் அதில் பாதி மலத்தோடு போனால், உடலுக்குக் கிடைப்பது 470ஐத் தாண்டாது. மலத்தைப் பற்றிக் கேட்கும்போதும் ‘வயிற்றுப்போக்கு உண்டா?’ என்ற வினா பயன்படாது. இம்மலம் பெரும்பாலும் நீர்த்திருப்பதில்லை. அளவில் மிகுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு இருக்கும். தாய் ‘இல்லை’ என்று உண்மையையே சொல்வார், வினாதான் தவறு.

இலக்கு, ஆரோக்கியமான குழந்தையின் தேவையில் 120 முதல் 150 விழுக்காடு. இக்குழந்தையின் இப்போதைய எடைக்கு அது 624 முதல் 780 கிலோகலோரி. வயதிற்குரிய எடைக்குக் கணக்கிட்டாலோ 880க்கு மேல் தொடங்கும். இரண்டும் தொடக்கப் புள்ளிகளே. உப்பும் நீரும் சீரான பின் படிப்படியாக உயர்த்தி, வாரந்தோறும் எடை பார்த்துத் திருத்துவதுதான் உண்மையான மதிப்பீடு. கூட்ட வேண்டியது கொழுப்பை, அதனுடன் நொதியை. ஒரு கிராம் கொழுப்புக்கு 2000 அலகு லைபேஸ் என்று தொடங்கினால் 25 கிராமுக்கு 50,000. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10,000 என்னும் உச்ச வரம்பு இக்குழந்தைக்கு 65,000. வரம்பு அருகிலேயே இருப்பதால் எண்ணெயை அளக்காமல் நொதியை அளக்க முடியாது.

‘மலத்தில் எண்ணெய் போகிறது, எண்ணெயைக் குறை’ என்ற எண்ணம் பழைய மருத்துவத்திலும் இருந்தது. டொராண்டோவில் டக்ளஸ் குரோசியர் அதை மாற்றி, கொழுப்பு மிகுந்த உணவை நொதியோடு கொடுத்தார். 1988இல் வெளியான ஒப்பீட்டில் நடு வாழ்நாள் டொராண்டோவில் 30 ஆண்டு. பாஸ்டனில் 21 ஆண்டு. நுரையீரல் நிலையில் இரு மருத்துவமனைகளும் ஏறத்தாழ ஒன்றாயிருக்க, வளர்ச்சியில் டொராண்டோ நோயாளிகள் முந்தியிருந்தனர். கேரளத்தில் இதற்கு எதிர்த்திசைப் பிழையும் உண்டு: தேங்காயெண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதற்கு நொதி வேண்டாம் என்பது. நொதியின்றி எளிதில் உறிஞ்சப்படும் எட்டு, பத்துக் கரிமக் கொழுப்பமிலங்கள் அதில் ஏழில் ஒரு பங்கு அளவே. பாதியளவு லாரிக் அமிலம். தேங்காயெண்ணெய்க்கும் நொதி வேண்டும்.

கொழுப்பு போகும் வழியில்தான் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போகின்றன. இங்கே பிழை பெரும்பாலும் அளவீட்டின் வேளையில் நேர்கிறது. காய்ச்சலும் நுரையீரல் தொற்றும் உள்ளபோது இரத்தத்தில் வைட்டமின் ஏ தானாகவே தாழும். அப்போது அளந்து மருந்தைக் கூட்டினால் கல்லீரலுக்குக் கேடு. குழந்தை நலமாயிருக்கும்போது அளக்க வேண்டும். வைட்டமின் ஈ கொழுப்போடு பயணிப்பதால் இரத்தக் கொலஸ்ட்ராலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வைட்டமின் கே-க்கு இரத்தம் உறையும் நேரத்தை மட்டும் நம்பலாகாது. குறைவு முற்றிய பின்னரே அது நீளும். ஆகவே சோதனைக்குக் காத்திராமல் கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு 0.3 முதல் 1 மில்லிகிராம் தருவது வழக்கம். கடையில் வாங்கும் பல வைட்டமின் சொட்டு மருந்துகளில் கே இருப்பதில்லை. புட்டியின் சீட்டைப் படிக்காமல் ‘வைட்டமின் கொடுக்கிறோம்’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. எதைக் கொடுத்தாலும் கொழுப்புள்ள உணவோடும் நொதியோடும் கொடுக்காவிட்டால் அது உள்ளே சேராது.

திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் உயர்சிறப்பு மையமாக இருக்கிறது. அரிய நோய் என்றதும் விவாதம் விலையுயர்ந்த மருந்துகளை நோக்கி ஓடுகிறது. சி.எஃப்.டி.ஆர். புரதத்தைத் திருத்தும் மூன்று மருந்துக் கூட்டின் அமெரிக்க விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அதற்கான போராட்டம் நியாயமானது. ஆனால் அம்மருந்து கைக்கு வரும்வரை குழந்தை உயிரோடும் வளர்ச்சியோடும் இருக்க வேண்டும். தேவைப்படுபவை மூன்று: ஒவ்வொரு வருகையிலும் சிறுநீர்ச் சோடியமும் கிரியேட்டினினும், மருந்தகத்தில் அளந்து கலந்த உப்புக் கரைசல், தமிழிலும் மலையாளத்திலும் தாயின் கையில் ஓர் அட்டை. அந்த அட்டையின் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: இக்குழந்தைக்கு உப்பு மருந்து, பொது அறிவுரையைக் கேட்டு நிறுத்த வேண்டாம்.