அந்த மூன்று முளையங்கள்



தலசீமியா நம் நாட்டுக்குப் புதிய நோயல்ல. குருநாகலில் அதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. கணவன், மனைவி இருவரும் காவிகளாக இருந்தால் அவர்களுக்கு நோயில்லை. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் சாத்தியம் நாலில் ஒன்று. கடும் நோயோடு பிறந்த பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும்.

அப்படியொரு பிள்ளையை வளர்க்கும் பெற்றோர், அடுத்ததற்கு முளையப் பரிசோதனையை நாடுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். மனைவியின் முட்டைகளைக் கணவனின் விந்தோடு ஆய்வுகூடத்தில் சேர்ப்பார்கள். ஐந்தாம் நாளளவில், பின்னர் நச்சுக்கொடியாக வளரும் வெளிப்பகுதியிலிருந்து சில கலங்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். எடுப்பது சொற்பம் என்பதால் பிழையும் நேரலாம். கர்ப்பம் தரித்த பின் மீண்டும் ஒரு பரிசோதனை செய்யும்படி டொக்டர்மார் சொல்வது அதனால்தான்.

ஆறு முளையங்களில் இரண்டில் நோய், மூன்று காவிகள், ஒன்றில் எதுவுமில்லை என அறிக்கை வருகிறது. நோயுள்ள இரண்டையும் கருப்பையில் வைக்காமல் விடுவதை மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். என் கவலை அந்த மூன்றைப் பற்றியது. "காவியும் வேண்டாம், சுத்தமானதை மட்டும் வையுங்கள்" என்று கேட்பது எவ்வளவு இலகு! ஆனால் காவி நோயாளியல்ல. அந்த உம்மாவும் வாப்பாவும் காவிகள்தானே? சுத்தமான அந்த ஒன்று வளர்ச்சி குன்றியதாகவும் இருக்கலாம். பேரப்பிள்ளைகளை நினைத்தே விலக்குகிறோம் என்பார்கள். அதற்குக் கலியாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை போதுமே. நோயைத் தடுப்பது முடிந்து, பிள்ளையைத் தெரிவுசெய்வது தொடங்கும் இடம் இதுதான்.

நிறமூர்த்தங்களையும் எண்ணிப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். 1990இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இம்முறையில் முதற் குழந்தைகள் பிறந்தபோது பெண் முளையங்களையே வைத்தார்கள். ஆண்பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோயைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். மக்காவின் இஸ்லாமிய பிக்ஹ் சபையும் 2007இல் அத்தகைய நோய்க்காக மட்டுமே பாலினத் தெரிவை அனுமதித்தது. மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பின் ஒரு மகன் வேண்டுமென்ற ஆசை அதில் அடங்காது.

இன்று அமெரிக்காவில் சில கம்பனிகள் உயரத்தையும் அறிவாற்றலையும் மதிப்பிட்டுத் தருவதாகச் சொல்கின்றன. தலசீமியாவுக்கு ஒரேயொரு பரம்பரையலகைப் பார்த்தால் போதும். உயரத்தில் ஆயிரக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்கெடுக்கின்றன. பத்து முளையங்களில் முதலிடம் பெற்றதைத் தெரிந்தாலும், சராசரியைவிட இரண்டரை சென்ரிமீற்றர் அளவே கூடும் என 2019இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஆகவே அந்தத் தம்பதியர் கலங்களை எடுக்கு முன்பே டொக்டரிடம் எழுத்தில் இரண்டைக் கேட்டுக்கொள்ளலாம்: காவிகளையும் நோயற்றவையாகவே கணக்கிடுங்கள், ஆணா பெண்ணா என்பதை அறிக்கையில் எழுதாதீர்கள்.