அம்மா கைச்சோறு இருந்தால் போதுமா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. "பெங்களூரு பிஜியில் கிடந்தவனுக்கு இப்போ அம்மா கைச்சோறு. இவனுக்கென்ன தனிமை?" என்கிறார்கள். இது தப்பான தீர்ப்பு.

2010 கடைசியில் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம், தன் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. விருப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வாரத்துக்கு நான்கு நாள் வீட்டிலிருந்தும் ஒரு நாள் அலுவலகத்திலும் வேலை பார்த்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை முடிந்து, 'இனி எது வேண்டும்?' என்று கேட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். முக்கியக் காரணமாகச் சொன்னது தனிமையை. கேட்டு வாங்கிய வசதி, வாரம் ஒரு நாள் சக ஊழியர் முகம், இரண்டும் இருந்தும் இந்தக் கதி!

வீட்டில் ஆள் இருக்கிறார்கள், சரி. "மீட்டிங்கில் இருக்கான், சத்தம் போடாதே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும் ஆட்கள். மேனேஜரின் குடைச்சலை அவர்களிடம் சொன்னால் பயந்துபோவார்கள். பக்கத்து சீட்காரனிடம் சொன்னால் சிரித்துத் தொலைப்பான். அந்தச் சிரிப்பை யாரும் காலண்டரில் போட்டு வைப்பதில்லை. அலுவலகத்தில் அது தானாக நடக்கும். வீட்டில் நாமாக நடத்தினால்தான் உண்டு.

அமெரிக்க ஷிப்ட் என்றால் இன்னும் மோசம். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நண்பர்கள் டீக்கடைக்கு வரும் நேரத்தில் இவன் ஹெட்செட் மாட்டுகிறான். கேமராவை அணைத்தே வைப்பது, மூன்று நாளாக வாசல் தாண்டாதது, கிழமையே மறப்பது எல்லாம் தனிமை முற்றிவருவதன் அடையாளம்.

மாலை போய்விட்டது என்றால் மற்ற நேரத்தைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து, அதே ஷிப்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் ஒரே வீட்டிலோ வாடகை அறையிலோ உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது, மனம்விட்டுத் திட்டலாம். விடுமுறை நாளில், விழித்தெழுந்து வெயில் ஏறுவதற்குள் திருமலை ஸ்ரீவாரி மெட்டு. 2,388 படியைத் துணையில்லாமல் ஏறுவது சிரமம் என்பதே அதன் சிறப்பு. 'முடிந்தால் பார்ப்போம்' என்று விட்டால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். கிழமையும் நேரமும் மாறக் கூடாது.

2025 பிப்ரவரியில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, குறிப்பாகப் பெண்களுக்கு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முறையைப் பெருக்கப்போவதாக அறிவித்தபோது ஊருக்கு ஊர் வேலையிடங்கள் பற்றியும் பேசினார். அவை வரட்டும். அதற்குள் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை லேப்டாப் பையோடு கிளம்பினால், "வீட்டிலேயே எல்லாம் இருக்கே, எங்கே போறே?" என்று மறிக்காதீர்கள்.