ஒரே வரிசையில் நின்றவருக்கு ஒரே அளவுகோல்



1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு மட்டக்களப்புப் பக்கம் வந்த எமது உறவுகளில் காணியில்லாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. அப்படி இரண்டு குடும்பங்கள் படுவான்கரையில் ஒரே கிராமத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை, இரண்டுக்கும் கூலி வேலைதான். ஒரே காணிக் கச்சேரிக்கு இருவரும் போனார்கள். ஒருவருக்கு உத்தரவுப்பத்திரம் கிடைத்தது. மற்றவருக்கு "ஏற்கப்படவில்லை" என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. ஏன் என்று கேட்டால், "அது எங்கள் தற்றுணிபு" என்பது பதில்.

தற்றுணிபு என்றால் அதிகாரி நினைத்ததைச் செய்யலாம் என்று பொருளல்ல. யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க அவருக்கு இடமுண்டு. ஆனால் ஓர் அளவுகோலை எடுத்தால் எல்லோரையும் அதனாலேயே அளக்க வேண்டும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை இதைத்தான் கேட்கிறது. இருவரையும் வேறாக நடத்தவே கூடாது என்பதில்லை; வேறாக நடத்தினால் அதற்குக் காணியோடும் தேவையோடும் தொடர்புள்ள காரணம் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேறிடத்தில் காணி இருந்தால் அது காரணம். யாருடைய சிபாரிசுக் கடிதம் வந்தது என்பது காரணமல்ல.

இங்கே எம்மவர் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "அவருக்குக் கொடுத்தீர்களே, எனக்கும் தாருங்கள்" என்று மட்டும் மனு எழுதுகிறார்கள். அவருக்குக் கொடுத்ததே சட்டத்துக்கு மாறானது என்றால் அந்த வாதம் நிற்காது. ரப்பர் வணிகத்தில் இருந்த சி. டபிள்யூ. மெக்கி நிறுவனம், மற்றவர்களிடம் அறவிடாத வரியைத் தம்மிடம் மட்டும் கேட்பதாக வழக்காடியது. ஒருவருக்குத் தவறாகக் கிடைத்த சலுகையைக் காட்டி அதே தவறை இன்னொருவர் உரிமையாகக் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம் (1986). ஆகவே வாவிக்கரை ஒதுக்கத்தில் ஒருவர் எப்படியோ பத்திரம் வாங்கியிருந்தால், அதைக் காட்டிப் பக்கத்துத் துண்டைக் கேட்பதில் பயனில்லை.

கேட்க வேண்டியது வேறு: எந்தத் தகைமைகளைப் பார்த்தீர்கள், ஒவ்வொன்றிலும் எமது நிலை என்ன, தெரிவானவரின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதை எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்தப் பதிலுக்காக மட்டும் காத்திருந்துவிடாதீர்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தகவல் கேட்டிருப்பதால் அந்த மாதம் நீளாது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டை ஒப்படைத்ததற்கான சீட்டு மட்டும் போதாமல் போகலாம். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். மட்டக்களப்பில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த திகதியை அதன் உறையிலேயே குறித்து வையுங்கள்.