நள்ளிரவுத் தில்லியும் கடைசி அரைக் கிலோமீட்டரும்

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நேர்முகத் தேர்வு தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் மாளிகையில் நடைபெறுகிறது. நாட்டின் எந்த மூலையைச் சேர்ந்தவரானாலும் அங்குதான் வந்தாக வேண்டும். தமிழகத்திலிருந்து தேர்வாகும் மகளைத் தனியே அனுப்புவதா, துணைக்குத் தந்தையோ தமையனோ செல்வதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் பல வீடுகளில் எழுகிறது. துணைக்கு ஆள் சென்றால் பயணச் செலவு இரட்டிப்பாகும். துணைக்கு ஆளில்லாத வீட்டில் வாய்ப்பே கைநழுவிப் போவதும் உண்டு.

துணை இருந்துவிட்டால் மட்டும் அச்சமில்லையா என்றால், அதுவும் இல்லை. 2012 டிசம்பர் 16 இரவு முனிர்கா பேருந்து நிறுத்தத்தில் நின்ற இளம்பெண்ணுடன் ஆண் நண்பர் ஒருவர் இருந்தார். நேரம் இரவு ஒன்பதரை மணி அளவே. இடமும் தென் தில்லியின் முக்கியச் சாலைகளில் ஒன்று. துவாரகை வரை வர ஆட்டோக்கள் மறுத்ததால், வழியில் நின்ற தனியார் பேருந்தில் அவர்கள் ஏற நேர்ந்தது. துணையும், பெயர் பெற்ற பகுதியும், முன்னிரவும் காக்காத இடத்தில் என்ன குறைந்தது? வீடுவரை கொண்டுசேர்க்கும் நம்பகமான வாகனம். தனியே பயணம் செய்யும் பெண் தயாரிக்கும் பட்டியல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 'எந்தப் பகுதி பாதுகாப்பானது' என்று கேட்பதைவிட, 'இறங்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை உள்ள வழி எப்படிப்பட்டது' என்று கேட்பதே பயன் தரும்.

புது தில்லி ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். விமான நிலைய மெட்ரோ வந்து சேரும் புது தில்லி மெட்ரோ நிலையம், ரயில் நிலையத்தின் அஜ்மீரி கேட் பக்கத்தில் உள்ளது. மலிவான தங்கும் விடுதிகள் நிறைந்த பஹார்கஞ்ச் அதன் நேர் எதிர்ப்பக்கம். வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே சிறு தொலைவுதான் தெரியும். நடுவே பதினாறு நடைமேடைகளும் இருப்புப் பாதைகளும் கிடப்பதை, பெட்டியுடன் இரவில் இறங்கிய பிறகே பலர் உணர்கின்றனர். அந்த வழியில்தான், 'நீங்கள் முன்பதிவு செய்த விடுதி மூடிவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன்' என்று சொல்லும் தரகர்கள் நிற்கிறார்கள். அறை பஹார்கஞ்சில்தான் என்றால் இறங்க வேண்டிய மெட்ரோ நிலையம் நீல வழித்தடத்தின் ராமகிருஷ்ணா ஆசிரமம் மார்க். அதுவும் மெட்ரோ ஓடும் நேரத்துக்குள் வந்தால்தான் உதவும். நகரின் மெட்ரோ வழித்தடங்களில் கடைசி வண்டிகள் இரவு 11 மணியளவில் கிளம்பிவிடுகின்றன.

தமிழர்களுக்குப் பழக்கமான கரோல் பாக் போன்ற பகுதிகளில் வேறொரு சிக்கல் உண்டு. தில்லியின் பல குடியிருப்புகளில் தெருமுனைகளில் இரும்புக் கதவுகள் போடப்பட்டுள்ளன. இரவானதும் குடியிருப்போர் சங்கங்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பூட்டிவிட்டு, ஒரு வழியை மட்டும் திறந்து வைக்கின்றன. வரைபடம் இதைக் காட்டாது. வாடகைக் கார் பூட்டிய கதவின் முன் நின்றுவிடும். ஓட்டுநர் 'இதோ அந்தப் பக்கம்தான்' என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். அரைக் கிலோமீட்டர் சுற்றி நடக்க வேண்டியது பயணியே. பாதுகாப்புக்காகப் போட்ட கதவே அந்த நேரத்தில் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்துகிறது.

எனவே அறையை உறுதி செய்யுமுன் விடுதிக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். அதையும் பகலில் அன்றி, இரவு 11 மணிக்குச் செய்வது நல்லது. யாரும் எடுக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் போய் நின்றாலும் யாரும் கதவைத் திறக்கப் போவதில்லை என்று கொள்ளலாம். எடுத்தால் மூன்று கேள்விகள் போதும். வாகனம் வாசல்வரை வருமா, இரவில் திறந்திருக்கும் கதவு எது? நள்ளிரவுக்குப் பிறகு வந்தாலும் அறை காத்திருக்குமா? தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் 'எங்கள் விடுதியின் வழக்கம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் விடுதிகள் இன்றும் உள்ளன. அந்தப் பதிலை நள்ளிரவு 12.30 மணிக்கு வாசலில் கேட்பதைவிட, ஒரு வாரம் முன்பே ஊரிலிருந்து கேட்டுக்கொள்வது மேல். ஒப்புக்கொண்டால், அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு பயணத்தை நேர அட்டவணையாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் விமானம் இரவு 10.50 மணிக்குத் தில்லியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த முனையம் என்பதைப் பயணச்சீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். விமான நிலைய மெட்ரோ மூன்றாம் முனையத்தில்தான் உள்ளது. முதல் முனையம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வேறொரு மெட்ரோ வழித்தடத்தில் இருக்கிறது. பெட்டி கைக்கு வர 11.20 ஆகும். விமானம் அரை மணி நேரம் தாமதமானாலே மெட்ரோவை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே மெட்ரோவை நம்பித் திட்டமிடாமல், கிடைத்தால் ஆதாயம் என்று வைத்துக்கொள்வதே சரி.

வாகனத்தைக் கட்டடத்துக்குள் இருந்தபடியே ஏற்பாடு செய்ய வேண்டும். போக்குவரத்துக் காவல் துறையின் ப்ரீபெய்டு டாக்சி கவுன்ட்டரில் பணம் கட்டினால் சீட்டு ஒன்று தருவார்கள். அதில் வண்டி எண் இருக்கும். அந்தச் சீட்டு கையில் கிடைத்தால்தான் ஓட்டுநர் தம் பணத்தைப் பெற முடியும்; எனவே விடுதி வாசலில் இறங்கிய பிறகே அதைக் கொடுக்க வேண்டும். பாதி வழியில் கேட்டால் மறுப்பதற்குப் பயணிக்கு முழு உரிமை உண்டு. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்பது சட்டப்படியானதே. அதற்காகத் தகராறு செய்ய வேண்டியதில்லை. செயலி மூலம் அழைக்கும் கார் என்றால், ஏறுமுன் வண்டி எண்ணையும் ஓட்டுநர் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இங்குதான் இருப்பிடப் பகிர்வு வருகிறது. மகளின் இருப்பிடம் திரையில் ஒரு புள்ளியாக நகர்வதைக் கண்டதும் குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஓர் எல்லை உண்டு. 2014 டிசம்பரில் தில்லியில் செயலி மூலம் அழைத்த காரில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். ஓட்டுநர் பாதை மாறியபோது அவர் களைப்பில் உறங்கிவிட்டிருந்தார். வண்டி எங்கே செல்கிறது என்பதைக் கவனித்துக் குரல் கொடுக்க வேறொருவர் இல்லை.

புள்ளியைப் பார்ப்பவர், அது எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். மின்கலம் தீர்ந்தாலும், மின்சேமிப்பு முறை இயங்கினாலும், சுரங்க நிலையத்தில் இணையம் அறுந்தாலும் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவுகளில்தான் பகிரலாம். சென்னையில் விமானம் ஏறுமுன் ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், தில்லியில் இறங்கும்போது அது முடிந்திருக்கும். இறங்கிய பின் 8 மணி நேரத்துக்குப் பகிர்வதே பொருத்தம். காரின் பயணத்தையும் தம் கைப்பேசியின் இருப்பிடத்தையும் தனித்தனியே பகிர்ந்தால், இரண்டும் வெவ்வேறு திசையில் பிரிவது உடனே தெரியும்.

அதைவிட முக்கியம், புள்ளி நின்றால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார் என்பது. 11.40 மணிக்குக் கார் கிளம்பினால் கரோல் பாக் சேர அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். எனவே 12.30 மணி என்று ஒரு கெடு வைக்கலாம். அறைக்குள் சென்று தாழிட்ட பிறகே 'வந்துவிட்டேன்' என்ற செய்தி வர வேண்டும். விடுதி வாசலில் நின்று அனுப்பும் செய்தி கணக்கில் சேராது. கெடு கடந்தால் முதலில் மகளுக்கு அழைப்பு. ஐந்து நிமிடத்தில் மீண்டும் ஒன்று. அதன்பின் விடுதிக்கு. அதன்பின் காவல் துறைக்கு. இந்த வரிசையைக் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் செய்தி வரும்வரை விழித்திருக்க வேண்டும்.

காவல் துறைக்கு அழைப்பதில்தான் பலரும் அறியாத ஒரு தடை இருக்கிறது. 112 என்பது நாடு முழுவதற்கும் ஒரே அவசர எண். ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை அல்ல. அழைப்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில மையத்துக்கே அழைப்பு செல்லும். தில்லியில் இருக்கும் மகள் 112ஐ அழுத்தினால் தில்லிக் காவல் துறை எடுக்கும். மதுரையில் இருக்கும் தாய் அழுத்தினால் தமிழகத்தின் மையம்தான் எடுக்கும். அங்கிருந்து தகவல் தில்லிக்குப் போய்ச் சேரும் வேளையில் பொன்னான நிமிடங்கள் கழிந்துவிடும். ஆகவே தில்லிக் காவல் கட்டுப்பாட்டு அறையின் 011 எனத் தொடங்கும் எண்ணையும், விடுதி இருக்கும் பகுதியின் காவல் நிலைய எண்ணையும் தில்லிக் காவல் துறையின் இணையதளத்தில் பார்த்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். விடுதியின் முகவரி, வண்டி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துச் சொல்லும் வகையில் ஒரு தாளில் எழுதித் தொலைபேசி அருகே வைப்பதும் நல்லது. பதற்றத்தில் மொழி கைகொடுக்காது.

இத்தனையும் ஒரு பெண்ணும் அவள் குடும்பமும் செய்யக் கூடியவை. ஆனால் பூட்டிய தெருக்கதவையும், 11 மணிக்கு நின்றுவிடும் மெட்ரோவையும், மாநில எல்லையில் நின்றுவிடும் 112ஐயும் எந்தக் குடும்பத்தாலும் மாற்ற முடியாது. 2008ஆம் ஆண்டு இரவுப் பணி முடிந்து காரில் வீடு திரும்பிய பெண் பத்திரிகையாளர் ஒருவர் தில்லியில் கொல்லப்பட்டபோது, அந்த நேரத்தில் தனியே செல்லும் துணிச்சல் கூடாது என்ற பொருளில் அன்றைய முதல்வர் ஷீலா தீட்சித் பேசியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2013 ஜனவரியில் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழு, பெண்கள் அச்சமின்றி நடமாடுவதை உறுதி செய்வது அரசின் கடமை என்று வலியுறுத்தியது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அது முழுமையாகச் செலவிடப்படவில்லை என்ற குறை நாடாளுமன்றத்தில் பலமுறை ஒலித்துவிட்டது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த முறை நிதி எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு மாநிலத்தில் இருக்கும் குடும்பம் இன்னொரு மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறையை நேரடியாக அடைய 112இல் ஏன் வழி செய்யப்படவில்லை என்று கேட்க வேண்டும். கடைசி விமானங்கள் இறங்கும் நேரத்துக்கும் கடைசி மெட்ரோவுக்கும் ஏன் பொருத்தமில்லை என்று கேட்க வேண்டும். நாட்டிற்குள் தடையின்றி நடமாடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு வழங்குகிறது. அதில் நேர வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை.